கறுப்பு முகம் சாம்பல் பூக்காமல் படத்தைத் திருத்துவது எப்படி?

என் அக்கா நல்ல கறுப்பு. வெளிச்சம் சரியாக விழுந்தால் அவள் கன்னத்தில் செம்புப் பாத்திரம் போல ஒரு மினுக்கம் தெரியும். ஒருநாள் சாயங்காலம் அவளை மரத்தடியில் நிற்கவைத்துப் படம் எடுத்தேன். பின்னால் வெளிச்சமான வானம், முகமோ இருட்டு. லைட்ரூமில் திறந்தேன். நிழலைத் தூக்கினேன், நெற்றியில் இருந்த பளபளப்பை அடக்கினேன், இணையத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு பிரீசெட்டையும் போட்டு அவளுக்கே அனுப்பிவைத்தேன். பதில் வந்தது: "என்னடா இது, மூஞ்சில சாம்பல் பூசின மாதிரி இருக்கு?"

பார்த்தால் அப்படித்தான் இருந்தது. முகம் இருட்டிலிருந்து வெளியே வந்திருந்தது, ஆனால் களை போயிருந்தது. சரி, வெதுவெதுப்பாக்கினால் போதும் என்று நினைத்து Temp-ஐ ஏற்றினேன். மஞ்சள் காமாலை வந்தது போல ஆனதே தவிர சாம்பல் போகவில்லை. ஒரு வாரம் அந்த ஒரே படத்தோடு மல்லுக்கட்டிய பிறகுதான், கோளாறு வண்ணத்தில் இல்லை, நான் வெளிச்சத்தைக் கூட்டிய விதத்தில் இருக்கிறது என்று புரிந்தது. நீங்களும் அந்த வாரத்தைத் தொலைக்க வேண்டாம் என்பதற்காக, அதே படத்தை வைத்து வரிசையாகச் சொல்கிறேன்.

ஸ்லைடர் பெயர்களை லைட்ரூமில் உள்ளபடியே தருகிறேன். டார்க்டேபிள், ராதெரபி இரண்டும் இலவசம். அவற்றில் பெயர்கள் வேறாக இருக்கும், வேலை ஒன்றுதான்.

## 1. தொடங்கும் முன் எடுத்துவைக்க வேண்டியவை

முதலில் ரா கோப்பு. ஜேபெக்கில் கேமரா ஏற்கெனவே வெளிச்சத்தையும் வண்ணத்தையும் முடிவு செய்து, மீதியைத் தூக்கிப் போட்டிருக்கும். இருண்ட கன்னத்தில் இருந்த நுட்பமான பழுப்பு வேறுபாடுகள்தான் முதலில் அடிபடும். ஜேபெக் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால் கீழே சொல்லும் எல்லாவற்றையும் பாதி அளவில் செய்யுங்கள். அதற்கு மேல் தூக்கினால் கன்னம் திட்டுத் திட்டாக உடையும். போனில் எடுப்பவர்கள் அழகூட்டும் வசதியை அணைத்துவிட்டு எடுக்கவும். அது தோலை வெளுக்கவைத்துத்தான் கோப்பையே எழுதும், பிறகு மீட்க வழியில்லை.

இரண்டாவது, ஒரு சாம்பல் அட்டை. அதே வெளிச்சத்தில் முகத்துக்குப் பக்கத்தில் அதைப் பிடித்து ஒரு படம் எடுத்துவைத்தால், வண்ணத்தைச் சரிசெய்ய அதுதான் அளவுகோல். ஒருமுறை வாங்கினால் வருடக் கணக்கில் வரும் சின்னச் செலவுதான். அதற்குப் பதில் அச்சடிக்கும் வெள்ளைத் தாளைப் பிடிக்கச் சொல்லாதீர்கள். தாள் பளிச்சென்று தெரிவதற்காக அதில் நீலமாக ஒளிரும் ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள். வெளி வெளிச்சத்தில் அதை அளவுகோலாக வைத்தால், மென்பொருள் அந்த நீலத்தை ஈடுகட்டப் பார்த்து முழுப் படத்தையும் மஞ்சள் பக்கம் தள்ளிவிடும்.

மூன்றாவது, திரை. நான் மாட்டிக்கொண்ட முதல் பொறி இதுதான். என் மடிக்கணினியில் இரவானால் திரையைத் தானாக மஞ்சளாக்கும் வசதி ஓடிக்கொண்டிருந்தது. திரை மஞ்சளாக இருக்கும்போது தோல் தேவைக்கு மேல் வெதுவெதுப்பாகத் தெரியும். கண்ணும் கையும் சேர்ந்து அதைக் குறைத்துவிடும். காலையில் பார்த்தால் முகம் நீலம் பாரித்துக் கிடக்கும். திருத்தும்போது Night Light, True Tone போன்ற எல்லாவற்றையும் அணையுங்கள். திரையின் வெளிச்ச அளவுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. அறை விளக்கில் ஒரு வெள்ளைத் தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, திரையில் ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே பிரகாசத்தில் இருந்தால் போதும். திரை மங்கலாக இருந்தால் நீங்கள் முகத்தைத் தேவைக்கு மேல் வெளுப்பீர்கள்.

நேரம்? முதல் படத்துக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். பழகிவிட்டால் ஒரு முகத்துக்கு ஐந்தாறு நிமிடம்தான்.

## 2. கன்னத்தின் எண்களைப் படியுங்கள்

கண் ஏமாறும். பத்து நிமிடம் ஒரு சாம்பல் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் அதுதான் இயல்பு என்று பழகிவிடும். அதனால் எண்ணைப் பாருங்கள். லைட்ரூம் கிளாசிக்கின் Develop பகுதியில் S விசையை அழுத்தி Soft Proofing-ஐ இயக்கி, sRGB-ஐத் தேர்ந்தெடுத்து, சுட்டியைக் கன்னத்தின் மேல் கொண்டுபோனால் Histogram வரைபடத்தின் கீழே R, G, B என்று 0 முதல் 255 வரை மூன்று எண்கள் தெரியும். மினுக்கம் விழாத, ஆழ்ந்த நிழலும் விழாத ஓர் இடமாகப் பார்த்து எடுங்கள். கண்ணுக்குக் கீழே, மூக்குக்குப் பக்கவாட்டில் உள்ள இடம் எனக்கு ஒத்துவருகிறது.

தோல் கறுப்போ, மாநிறமோ, சிவப்போ, சாதாரண வெளிச்சத்தில் R பெரியது, G நடுவில், B சிறியது. இந்த வரிசை மாறாது. கறுப்புத் தோலில் மூன்றுக்கும் நடுவே உள்ள இடைவெளி, அளவைப் பார்த்தால், நன்றாகவே இருக்கும். அந்த இடைவெளிதான் வெதுவெதுப்பு. அது சுருங்கினால் சாம்பல்.

அக்கா படத்தில், அடுத்த படியில் சொல்லும் வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்தபின், வேறெதையும் தொடாமல், கன்னம் இப்படி இருந்தது:

```
R 60   G 36   B 26
```

B-ஐ R-ஆல் வகுத்தால் 0.43. அதாவது நீலம் சிவப்பில் பாதிக்கும் குறைவு. நல்ல பழுப்பு, ஆனால் இருட்டு. இதை வெளிச்சமாக்க வேண்டும். இங்கேதான் இரண்டு பாதை பிரிகிறது.

ஒரு பாதையில் மூன்று எண்களையும் ஒரே எண்ணால் பெருக்குகிறோம். இன்னொன்றில் மூன்றோடும் ஒரே எண்ணைக் கூட்டுகிறோம். இரண்டிலும் R ஒரே உயரத்துக்கு வந்தாலும் மற்ற இரண்டைப் பாருங்கள்:

```
60 36 26  × 1.7  →  102  61  44    B/R = 0.43
60 36 26  + 42   →  102  78  68    B/R = 0.67
```

முதலாவது அதே தோல், நல்ல வெளிச்சத்தில். இரண்டாவது அதே தோலின் மேல் மெல்லிய வெள்ளைத் துணி போர்த்தியது. நான் அக்காவுக்கு அனுப்பிய படத்தில் கன்னம் ஏறக்குறைய இரண்டாவது எண்களில்தான் இருந்தது. Exposure பெருக்குகிற வகை. வெளிச்சத்தை வளைகோடாகக் காட்டும் டோன் கர்வின் இடது கீழ் முனையைத் தூக்குவது கூட்டுகிற வகை. "மங்கலான ஃபிலிம் தோற்றம்", "பளிச் வெண்மை" என்ற பெயரில் வரும் பிரீசெட்டுகளில் பெரும்பாலும் அந்த முனை தூக்கப்பட்டிருக்கும். வெளுத்த தோலில் அது அவ்வளவாகத் தெரியாது. R 220 இருக்கும் இடத்தில் கொஞ்சம் கூடினால் யார் கவனிக்கப்போகிறார்கள்? R 60 இருக்கும் இடத்தில் அதே அளவு கூடினால் முகமே மாறிவிடுகிறது.

0.43 எல்லாருக்கும் பொதுவான எண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆளுக்கு ஆள், வெளிச்சத்துக்கு வெளிச்சம் மாறும். சமநிலை சரியான, வேறெதுவும் செய்யாத உங்கள் படத்தில் அந்த விகிதம் என்ன என்று ஒரு தாளில் குறித்துவையுங்கள். திருத்தி முடிக்கும்போது அதற்கு அருகிலேயே இருக்கிறதா என்று பார்ப்பதுதான் நோக்கம்.

## 3. வெள்ளைச் சமநிலை: முகத்தைப் பார்த்துச் செய்யாதீர்கள்

திறந்த வானத்தின் கீழ் நிழலில் நிற்கும் முகத்துக்கு வெளிச்சம் தருவது நீல வானம்தான். கேமராவின் தானியங்கிச் சமநிலை இதைப் பல நேரம் பாதிதான் ஈடுகட்டும். அக்கா படத்தில் கேமரா 5200 என்று வைத்திருந்தது. அட்டை பிடித்த படத்தில் சொட்டுக்குழாய் கருவியால் அட்டையைத் தொட்டதும் 6350-க்குப் போனது. அந்த எண்ணை அப்படியே மற்றப் படங்களுக்கும் ஒட்டிவிட்டேன். அதோடு இந்தப் படி முடிந்தது.

அட்டை இல்லாத படமா? சட்டையிலோ சுவரிலோ நிறமில்லாத ஓர் இடத்தைத் தேடுங்கள். பல்லையும் கண் வெள்ளையையும் தொடாதீர்கள். இரண்டிலும் இயல்பாகவே மஞ்சள் உண்டு. அதை வெள்ளை என்று மென்பொருளுக்குச் சொன்னால் முகத்தில் நீலம் ஏறும்.

சாம்பல் எதனால் வந்தது என்று பிரித்தறியவும் அந்தச் சட்டைதான் உதவும். வெள்ளைச் சட்டையும் நீலமாகத் தெரிகிறதா? அப்படியானால் சமநிலைக் கோளாறு, Temp-ஐத் தொடலாம். சட்டை சுத்தமான வெள்ளையாக இருந்து முகம் மட்டும் சாம்பலாக இருக்கிறதா? Temp-ஐ விட்டுவிடுங்கள். நான் மஞ்சள் காமாலை வரவைத்தது இரண்டாவது வகைக் கோளாறுக்கு முதலாவது வகை மருந்தைக் கொடுத்துத்தான்.

## 4. வெளிச்சம்: Exposure முதலில், Shadows கடைசியில்

முகம் இருட்டாக இருந்தால் கை தானாக Shadows-க்குப் போகும். போகவிடாதீர்கள். Shadows நேராகக் கூட்டல் கணக்குப் போடுவதில்லை. ஆனால் இருண்ட பகுதிகளை நடுப்பகுதியை நோக்கி நெருக்கித் தள்ளுகிறது. கறுப்பு முகத்தில் கன்ன எலும்பின் மேடும் அதன் கீழே உள்ள பள்ளமும் இரண்டுமே அந்த எல்லைக்குள்தான் இருக்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று நெருங்கியதும் முகம் தட்டையாகி, களிமண் முகமூடி மாதிரி ஆகும். Shadows-ஐ 80-க்குத் தள்ளியதுதான் என் முதல் தவறு.

நான் இப்போது செய்வது இது. முழுப் படத்துக்கும் Exposure-ஐக் கொஞ்சம் ஏற்றுவேன். அக்கா படத்தில் +0.6. வானம் வெளுத்துப் போகும் எல்லைக்கு வந்ததும் நிறுத்தினேன். அப்புறம் Masking-இல் Select Subject கொடுத்து ஆளை மட்டும் தேர்ந்தெடுத்து, அந்த மாஸ்க்குக்கு மட்டும் Exposure +1.0. இரண்டும் சேர்ந்து கன்னம் 100-ஐ ஒட்டி வந்தது, விகிதம் 0.44-இல் நின்றது. மாஸ்க்கின் ஓரத்தில், முக்கியமாகத் தலைமுடியைச் சுற்றி, வெளிச்ச வளையம் தெரிகிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். தெரிந்தால் பிரஷால் ஓரத்தை அழித்துவிட்டு Exposure-ஐ 0.2 குறைக்கலாம்.

வெளிச்சத்தைத் தூக்கியபின் கறுப்பு எங்காவது ஊன்றி நிற்க வேண்டும். கண்மணி, புருவம், மூக்குத் துவாரம், தலைமுடியின் அடிப்பகுதி ஆகியவை உண்மையிலேயே கறுப்பாக இருந்தால்தான் பக்கத்தில் இருக்கும் பழுப்பு பழுப்பாகத் தெரியும். Blacks-ஐ −10 முதல் −20 வரை இறக்குங்கள். முடியின் இழைகள் ஒன்றாகக் கலந்து கறுப்புத் திட்டாகும் முன் நிறுத்துங்கள். இதற்குப் பிறகும் கண்குழி இருட்டாக இருந்தால் Shadows-ஐ +10, +15 என்று தொடலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் அந்தக் குழியில் மட்டும் பிரஷ்.

எவ்வளவு வெளிச்சம் போதும்? பலரும் தவறுவது இங்கேதான். வரைபடத்தின் நடுவுக்கு முகம் வந்தாக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கறுப்பாக இருப்பவர் படத்திலும் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும். முகம் இன்னும் அமுங்கித் தெரிந்தால், முகத்தைத் தொடாமல் பின்னணியை இறக்கிப் பாருங்கள். அதே மாஸ்க்கைப் பிரதியெடுத்து Invert கொடுத்து, Exposure −0.5 வைத்தேன். அக்காவின் முகம் ஓர் எண்கூட மாறவில்லை. ஆனால் பார்க்கிறவர் கண்ணுக்கு விளக்குப் போட்டது போல ஆனது.

இன்னொன்று. இருட்டாக எடுத்த படத்தைத் தூக்கும்போது வண்ணப் புள்ளிகள் கிளம்பும். அவற்றை அடக்க Color என்ற இரைச்சல் குறைப்பை ஏற்றத் தோன்றும். ரா கோப்புக்கு லைட்ரூம் தானாக வைக்கும் 25 பெரும்பாலும் போதும். 70, 80 என்று போனால் புள்ளிகளோடு தோலின் மெல்லிய சிவப்பும் சேர்ந்து துடைக்கப்பட்டுவிடும். புள்ளி கொஞ்சம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

## 5. மினுக்கத்தைக் கொல்லாதீர்கள்

கறுப்பு முகத்தின் அழகே நெற்றியிலும் கன்ன மேட்டிலும் மூக்கு நுனியிலும் விழும் அந்த மினுக்கம்தான். படத்தைத் திருத்தத் தொடங்குபவர் முதலில் அழிப்பதும் அதைத்தான்.

தோலில் விழும் வெளிச்சத்தில் ஒரு சிறு பங்கு மேற்பரப்பிலேயே பட்டுத் திரும்பிவிடும். மீதி உள்ளே போய், தோலின் நிறமியையும் இரத்தத்தையும் தொட்டு, அந்த நிறத்தோடு வெளியே வரும். மேற்பரப்பில் திரும்புகிற பங்கு எல்லாத் தோலிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். கறுப்புத் தோலில் உள்ளேயிருந்து திரும்புவது குறைவு என்பதால் மினுக்கம் எடுப்பாகத் தெரிகிறது. அந்த மினுக்கத்துக்குத் தோலின் நிறம் கிடையாது. எந்த வெளிச்சம் விழுகிறதோ அதன் நிறம்தான். வெள்ளை விளக்கென்றால் வெள்ளை, வானம் என்றால் நீலம்.

இப்போது Highlights-ஐ −100-க்கு இறக்கினால் என்ன ஆகும்? வெள்ளையின் வெளிச்சத்தைக் குறைத்தால் வருவது சாம்பல். அக்காவின் நெற்றி மினுக்கம் 214, 219, 228 என்று இருந்தது. நான் Highlights-ஐ இறக்கியதும் அது 150, 153, 159 ஆனது. சுற்றிலும் பழுப்பு, நடுவில் சிமெண்ட் பூச்சு. "சாம்பல் பூசின மாதிரி" என்று அவள் சொன்னது பாதி இந்த நெற்றியைத்தான்.

எனவே Highlights-ஐ −20-க்குக் கீழே கொண்டுபோவதில்லை என்று வைத்துக்கொண்டேன். மினுக்கத்தின் நிறத்தை மட்டும் மாற்றுகிறேன். மென்மையான ஓரமுள்ள பிரஷ், Flow 30 அளவு. நெற்றி, மூக்கு, கன்ன மேடு ஆகிய இடங்களில் மட்டும் தீட்டி, அந்த மாஸ்க்குக்கு Temp +12, Tint +3. வெளிச்சத்தைக் குறைக்கத்தான் வேண்டும் என்றால் Exposure −0.15, அவ்வளவுதான். இதற்குப் பிறகு நெற்றி 207, 196, 183-க்கு வந்தது. R பெரியது, B சிறியது என்ற வரிசை திரும்பிவிட்டது. வானத்தின் நீலம் போய், வெயில் பட்டது போன்ற மினுக்கம் நின்றது.

மூன்று எண்ணும் 255 என்று இருந்தால் அங்கே தகவலே இல்லை. அதை இறக்கினாலும் சாம்பல்தான் வரும், வண்ணம் ஏற்றினாலும் ஒட்டாது. சிறிய புள்ளியாக இருந்தால் அப்படியே விடுங்கள், கண்ணுக்கு உறுத்தாது. பெரிய திட்டாக இருந்தால் பக்கத்துத் தோலை எடுத்து மேலே மெல்லியதாக ஒட்ட வேண்டும். அது வேறு மென்பொருள், வேறு பாடம். எடுக்கும்போதே ஒரு டிஷ்யூவால் நெற்றியை ஒற்றி எடுத்துவிட்டால் இந்த வேலையில் பாதி மிச்சம். துடைக்க வேண்டாம், ஒற்றினால் போதும். போலரைசர் வடிகட்டியைத் திருப்பியும் மினுக்கத்தைக் குறைக்கலாம். முழுக்கத் திருப்பி மொத்தத்தையும் எடுத்துவிட்டால் முகம் மரத்தில் செதுக்கியது போல உயிரில்லாமல் போகும். பாதியில் நிறுத்துங்கள்.

Clarity பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏற்றினால் தோலின் சின்னச் சின்ன நிழல்கள் கறுத்து அழுக்குப் படிந்தது போலாகும். இறக்கினால் மினுக்கம் சுற்றியுள்ள பழுப்பில் கசிந்து புகைமூட்டம் வரும். முகத்தில் அது பூஜ்யத்திலேயே இருக்கட்டும்.

## 6. வண்ண ஸ்லைடர்கள்: Orange-ஐத் தொடும்போது கவனம்

இதுவரை சொன்னதைச் செய்திருந்தால் இங்கே வேலை கொஞ்சம்தான். Color Mixer-இல் தோல் பெரும்பாலும் Orange-இல் இருக்கும், ஓரளவு Red-இல். பிரீசெட்டுகள் முகத்தைப் "பளிச்" ஆக்குவது Orange-இன் Luminance-ஐ ஏற்றி, Saturation-ஐ இறக்கித்தான். கறுப்புத் தோலுக்கு இதைவிடக் கெட்ட சேர்க்கை இல்லை. நீங்கள் ஆசைப்பட்டு ஒரு பிரீசெட்டைப் போட்டால், அடுத்த நொடி இந்த இரண்டையும், டோன் கர்வின் இடது முனையையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டு மற்றதைப் பாருங்கள். பல பிரீசெட்டுகள் இந்த மூன்றை எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்கின்றன.

அக்கா படத்தில் Orange Saturation +6, Luminance −4. அவ்வளவுதான். +15-ஐத் தாண்டினால் தோல் செங்கல் நிறமாகும். உதட்டோரமும் காதும் அதிகச் சிவப்பாகத் தெரிந்தால் Red-இன் Hue-ஐ +5, +8 என்று ஆரஞ்சுப் பக்கம் நகர்த்துங்கள்.

Vibrance ஒரு மறைமுகப் பொறி. தோல் நிறங்கள் அளவுக்கு மீறிப் போகாமல் பார்த்துக்கொள்ளும்படி அதை வடிவமைத்திருக்கிறார்கள். அதை ஏற்றினால் இலையும் வானமும் துணியும் துடிப்பாகும், முகம் மட்டும் பின்தங்கும். எண்ணில் முகம் சாம்பலாகியிருக்காது. ஆனால் பக்கத்தில் எல்லாம் பளபளக்க, அது வெளிறித் தெரியும். முகப் படத்தில் நான் அதைத் தொடுவதே இல்லை.

## 7. பச்சை, நீலத் திட்டுகள்

மரத்தடி, புல்வெளி என்றால் தாடைக்கடியிலும் கழுத்திலும் பச்சை ஏறியிருக்கும். முழுப் படத்தின் Tint-ஐத் திருப்பினால் நெற்றி ரோஜா நிறமாகிவிடும். தாடைக்கடியில் மட்டும் ஒரு பிரஷ், Tint +8 முதல் +12. கழுத்தின் எண்ணைப் பாருங்கள். G, R-ஐத் தொட்டுக்கொண்டிருந்தால் இன்னும் பச்சை போகவில்லை.

முகமும் கையும் ஒரே ஆளுடையதாகத் தெரிகிறதா என்றும் இந்தக் கட்டத்தில் பாருங்கள். முகத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டுவிட்டுக் கையை மறந்த படங்கள் என்னிடமே நிறைய உண்டு.

## 8. அனுப்பும் முன்

எழுந்து போய்ப் பத்து நிமிடம் வேறு ஏதாவது செய்யுங்கள். திரும்பி வந்து முதல் பார்வையில் என்ன தோன்றுகிறதோ அதை நம்புங்கள். அப்புறம் குறித்துவைத்த விகிதத்தோடு கன்னத்தை ஒப்பிடுங்கள். அக்கா படம் 0.43-இல் தொடங்கி 0.42-இல் முடிந்தது. 0.5-ஐத் தாண்டியிருந்தால் எங்கோ வெள்ளை கூட்டியிருக்கிறேன் என்று அர்த்தம். அப்போது Shadows, டோன் கர்வ், Highlights என்ற வரிசையில் ஒவ்வொன்றாகப் பூஜ்யமாக்கிப் பார்ப்பேன். பெரும்பாலும் முதல் இரண்டிலேயே பிடிபட்டுவிடும்.

ஏற்றுமதியில் Color Space sRGB என்று இருக்கட்டும். தப்பித் தவறி AdobeRGB அல்லது ProPhoto-வில் அனுப்பினால், வண்ணக் குறிப்பைப் படிக்கத் தெரியாத செயலிகளில் முகம் வெளிறிக் காட்சி தரும். நீங்கள் செய்த எல்லா வேலையும் வீண். "என் திரையில் நன்றாக இருந்ததே, அவர்கள் போனில் ஏன் சாம்பல்?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

ஒரே வெளிச்சத்தில் எடுத்த மற்றப் படங்களுக்கு வெள்ளைச் சமநிலை, Blacks, Color Mixer ஆகியவற்றை மட்டும் ஒட்டுங்கள். பிரஷ் மாஸ்க்குகளை ஒட்டாதீர்கள். தலை ஓர் அங்குலம் திரும்பியிருந்தாலும் நெற்றி மினுக்கத்துக்குப் போட்ட பிரஷ் புருவத்தில் போய் உட்காரும். ஆளுக்கு ஆளும் மாற்ற வேண்டும். ஒரே படத்தில் மாநிறம் ஒருவர், கறுப்பு ஒருவர் என்றால் இருவருக்கும் தனித்தனி மாஸ்க். ஒருவருக்குச் சரியான வெளிச்சம் இன்னொருவருக்குச் சரியாக இருக்காது.

அச்சுக்குப் போவதானால் தாள் திரையைப் போலத் தானாக ஒளிராது என்பதை நினைவில் வையுங்கள். இருண்ட தோல் இன்னும் ஒரு படி இறங்கித்தான் வரும். மொத்தமாக அச்சடிக்கும் முன் ஒரே படத்தை முக மாஸ்க்கின் Exposure-ஐ மட்டும் மாற்றி, அப்படியே ஒன்று, +0.2 ஒன்று, +0.4 ஒன்று என மூன்று சின்ன அச்சு எடுத்துப் பாருங்கள். செலவு சொற்பம், ஒருநாள் தாமதம். இதைப் பகல் வெளிச்சத்தில் ஜன்னல் பக்கம் வைத்துப் பார்க்க வேண்டும், கடை விளக்கின் கீழே அல்ல. அக்கா +0.2-ஐ எடுத்துக்கொண்டாள். +0.4 அவளுக்குப் பிடிக்கவில்லை. "இது கொஞ்சம் கலரா இருக்குடா, நான் அவ்ளோ கலர் இல்ல" என்றாள்.